போர்டிங் பாஸ் திறக்கவில்லை, சார்ஜும் ஏறவில்லை: விமான நிலையத்தில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இரண்டாவது விமானத்துக்கான வாயில் முன்னால் வரிசையில் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னே ஆறேழு பேர் இருந்தார்கள். சித்தி தம் கைபேசியை என்னிடம் நீட்டினார். “காலையில் நன்றாகத்தானே தெரிந்தது? இப்போது வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது, என்னவென்று பாரப்பா” என்றார். வைஃபை குறி முழுதாக நிறைந்திருந்தது. பேட்டரியில் 9 சதவீதம்தான் மிச்சம். அதற்கு முன் 40 நிமிடம் இருக்கையின் பக்கவாட்டில் இருந்த யுஎஸ்பி துளையில் செருகி வைத்திருந்தோம். அவ்வளவு நேரத்தில் ஏறியது வெறும் 3 சதவீதம்.

அந்த ஒரு கைபேசியில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் சேர்ந்திருந்தன. போர்டிங் பாஸ் கைபேசிக்குள் சேமிக்கப்பட்டிருக்கவில்லை. வைஃபை இணைந்திருந்தது, ஆனால் இணையம் வரவில்லை. சார்ஜ் ஏறுவதாகத் திரை காட்டியது, ஆனால் ஏறிய வேகத்திலேயே செலவும் ஆகிக்கொண்டிருந்தது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

செயலி திறக்கிறது, போர்டிங் பாஸ் இருந்த இடத்தில் வட்டம் சுற்றுகிறது

காலையில் வீட்டில் பார்த்தது பெரும்பாலும் விமான நிறுவனத்தின் கணினியிலிருந்து அந்த நொடியில் வந்த ஒரு பக்கம். திரையில் தெரிந்ததால் அது கைபேசியில் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். சில செயலிகள் ஒரு முறை காட்டிய பாஸை உள்ளே சேமித்துக்கொள்ளும். சில செயலிகள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வாங்கும். சேமிக்கும் செயலிகூட, இடையில் புதுப்பிக்கப்பட்டாலோ, உள்நுழைவு காலாவதியாகிவிட்டாலோ, முதலில் இணையத்தைத் தேடிப் போய் அங்கேயே நின்றுவிடும்.

மின்னஞ்சலிலும் இதே சிக்கல் உண்டு. கடிதத்தின் தலைப்பும் எழுத்தும் கைபேசியில் இருக்கும். இணைப்பாக வந்த பிடிஎஃப் கோப்போ, அதைத் தொட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கும். கூகுள் டிரைவ், ஐகிளவுட் போன்ற இணையச் சேமிப்பகங்களில் கோப்பின் பெயர் பட்டியலில் தெரியும், கோப்பின் உள்ளடக்கம் தொலைவில் ஏதோ ஒரு கணினியில் இருக்கும். ஐபோனின் கோப்புகள் பகுதியில் பெயருக்குப் பக்கத்தில் மேகமும் கீழ்நோக்கிய அம்பும் தெரிந்தால் அந்தக் கோப்பு உங்களிடம் இல்லை என்று பொருள். உலாவியில் திறந்து வைத்த பக்கத்தை நம்பியிருப்பது இன்னும் மோசம். நினைவகம் போதாதபோது கைபேசி அந்தப் பக்கத்தை விட்டுவிடும். திரும்பிப் போனால் முதலிலிருந்து ஏற்ற முயலும்.

இப்போது வரிசையில் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றால் முதலில் செய்யக்கூடாதவை: செயலியிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைவதும், செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதும். உள்ளே மிச்சமிருக்கும் நகலும் அதோடு போய்விடும். அதற்குப் பதிலாக, செக்-இன் செய்த நாளின் படங்களில் ஸ்கிரீன்ஷாட் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு பதிவிறக்கக் கோப்புறையைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால், உடன் வருபவரின் கைபேசியில் விமான நிறுவனத்தின் தளத்தைத் திறந்து, ஆறு எழுத்து-எண் கொண்ட முன்பதிவுக் குறியீட்டையும் டிக்கெட்டில் உள்ளபடி குடும்பப் பெயரையும் கொடுத்தால் பாஸ் பெரும்பாலும் வந்துவிடும். சித்தியின் பாஸை நான் அப்படித்தான் எடுத்தேன். என் கைபேசியில் மொபைல் இணையம் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தனியாகப் பயணம் செய்பவர் வரிசையை விட்டு நகர்ந்து வாயில் மேசையில் பாஸ்போர்ட்டைக் காட்டலாம். செக்-இன் முடிந்திருந்தால் பயணியின் பதிவு அவர்கள் கணினியில் இருக்கும். பல இடங்களில் காகிதப் பாஸ் அச்சிட்டும் தருவார்கள்.

அடுத்த பயணத்துக்கு நிலையான வழி, ஒரே பாஸை மூன்று இடங்களில் வைப்பது. முதலாவது ஆப்பிள் வாலட் அல்லது கூகுள் வாலட். அங்கே சேர்த்த பாஸ் கைபேசியிலேயே தங்குகிறது. இரண்டாவது, பார்கோடு முழுவதும் தெரியும் ஸ்கிரீன்ஷாட். மூன்றாவது, கைபேசியின் உள் சேமிப்பில் இறக்கிவைத்த பிடிஎஃப். கூகுள் டிரைவில் வைத்திருப்பவர்கள் கோப்பின் பட்டியலில் `Make available offline` என்பதைத் தொட வேண்டும். ஐபோனில் கோப்பை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. அண்மைய பதிப்புகளில் `Keep Downloaded` என்றும் ஒன்று உண்டு. இடம் குறையும்போது கோப்பைத் தானாக வெளியேற்றிவிடாமல் அது காக்கும்.

சில நிறுவனங்கள் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்பதில்லை என்று தங்கள் விதியில் எழுதி வைத்திருக்கின்றன. அதனால்தான் அதை மூன்றில் ஒன்றாகச் சொல்கிறேன், ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. வேறு சில காகிதத்தையே விட்டுவிட்டன. ஐரோப்பாவின் ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் பொதுவாகக் கைபேசிப் பாஸை மட்டுமே பயன்படுத்தும் முறைக்கு மாறியது. எனவே எந்த வடிவம் செல்லும் என்பதைச் செக்-இன் செய்யும்போதே படித்துவிடுங்கள்.

விமானம் மாறிச் செல்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும், ஒவ்வொரு பயணிக்கும் தனிப் பாஸ். சித்தியின் வாலட்டில் ஒரு பாஸ் இருக்கத்தான் செய்தது. அது முதல் விமானத்துக்கானது. இரண்டாவது விமானத்தை இயக்கியது வேறொரு நிறுவனம். அதன் பாஸை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்திடம் முன்பதிவுக் குறியீடுகூட வேறாக இருக்கலாம். பயணத்திட்டத்தில் இரண்டு குறியீடுகள் தெரிந்தால் இரண்டையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேமித்தாகிவிட்டது என்று நம்புவதற்கு முன் ஒரு சோதனை. விமானப் பயன்முறையைப் போடுங்கள். சில கைபேசிகளில் அதைப் போட்ட பிறகும் வைஃபை தொடர்ந்து இயங்கும். அதையும் தனியாக அணையுங்கள். கைபேசியை ஒரு முறை அணைத்து மீண்டும் இயக்குங்கள். இப்போது பாஸ், பயணத்திட்டம், விசா, காப்பீடு, தங்குமிட உறுதிக் கடிதம் ஒவ்வொன்றையும் திறந்து கடைசிப் பக்கம்வரை நகர்த்திப் பாருங்கள். முதல் பக்கம் தெரிந்து இரண்டாம் பக்கம் வெள்ளையாக நின்றால் அது முன்னோட்டம். கோப்பு இன்னும் இறங்கவில்லை. வீட்டு வைஃபையில் இருக்கும்போது இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வைஃபை இணைந்திருக்கிறது; எந்தப் பக்கமும் திறக்கவில்லை

விமான நிலைய வைஃபையில் இணைவதும் இணையம் கிடைப்பதும் இரண்டு படிகள். முதலில் இணைய விடுவார்கள். பிறகு நீங்கள் ஒரு நுழைவுப் பக்கத்தில் சம்மதம் தரும்வரை வெளியே போக விடமாட்டார்கள். அந்தப் பக்கம் தானாகத் தோன்ற வேண்டும். தோன்றாதபோதுதான் குறி நிறைந்திருந்தும் ஒன்றும் நடக்காமல் நிற்கிறது.

தோன்றாததற்குப் பொதுவான காரணம், பாதுகாப்புக்காக நாமே போட்டு வைத்தவை. விபிஎன் செயலி இயங்கிக்கொண்டிருந்தால், அல்லது ஆண்ட்ராய்டு அமைப்புகளில் `Private DNS` பகுதியில் ஒரு சேவையின் பெயரைக் கையால் கொடுத்திருந்தால், நுழைவுப் பக்கத்துக்கு நம்மைத் திருப்பிவிடும் முயற்சி அங்கே தடைபடுகிறது. இரண்டையும் சிறிது நேரம் நிறுத்துங்கள். இன்னொரு காரணம், நாம் திறக்க முயலும் தளங்கள் எல்லாம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. அவற்றை இடைமறித்துத் திருப்பிவிட முடியாது. அதனால் உலாவியில் மறைகுறியாக்கம் இல்லாத ஒரு முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
http://neverssl.com
```

இது இதற்கென்றே வைக்கப்பட்டுள்ள தளம். தொடக்கத்தில் `https` அல்ல, `http` என்று இருக்க வேண்டும். பெரும்பாலான நேரங்களில் அதன் இடத்தில் விமான நிலையத்தின் நுழைவுப் பக்கம் வந்து நிற்கும். சம்மதம் கொடுத்து இணையம் வந்த பிறகு விபிஎன்னை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

நுழைவுப் பக்கம் ஒரு கைபேசி எண்ணைக் கேட்டு அதற்குக் கடவுக்குறியீடு அனுப்பும் முறையாக இருந்தால், உங்கள் சிம் அந்த நாட்டில் குறுஞ்செய்தி பெறும் நிலையில் இருக்க வேண்டும். ரோமிங் இல்லாதவருக்குக் குறியீடு வராது. எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. தகவல் மேசையில் கேட்டால் சில நிலையங்களில் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தனிக் குறியீடு தருகிறார்கள். வைஃபையின் பெயரையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்த பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு வைஃபையை அமைக்கலாம். இலவசம் என்று சொல்லிவிட்டு வங்கி அட்டை எண் கேட்கும் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.

கோப்பு இருக்கிறது, ஆனால் அதைக் காட்டினால் ஏற்க மறுக்கிறார்கள்

கையில் இருப்பது பயணத்திட்டமா, டிக்கெட் ரசீதா, போர்டிங் பாஸா என்று பாருங்கள். பயணத்திட்டத்தில் முன்பதிவுக் குறியீடும் 13 இலக்க மின்டிக்கெட் எண்ணும் இருக்கும்; அதைக் காட்டி விமானத்தில் ஏற முடியாது. இருக்கை எண்ணும் ஏறும் வரிசை எண்ணும் பார்கோடும் சேர்ந்திருப்பதே போர்டிங் பாஸ். செக்-இன் முடிந்தும் பாஸ் வராமல் கவுன்டருக்கு வரச் சொல்லும் செய்தி வந்தால், அது கைபேசிக் கோளாறு அல்ல. விசா அல்லது பாஸ்போர்ட்டை நேரில் சரிபார்க்க வேண்டியிருக்கலாம். செயலியோடு போராடாமல் கவுன்டருக்குப் போய்விடுங்கள்.

பிடிஎஃப் கோப்பு கடவுச்சொல் கேட்டால், அந்தக் கடவுச்சொல் எப்படி அமைந்தது என்பது அனுப்பிய மின்னஞ்சலில் எழுதியிருக்கும். அந்த மின்னஞ்சல் சில நேரம் இணையம் இல்லாமல் திறக்காமல் போகலாம் என்பதுதான் வேதனை. வீட்டிலேயே கோப்பை ஒரு முறை திறந்து பார்த்துக் கடவுச்சொல்லைத் தனியாகக் குறித்துவையுங்கள்.

பார்கோடு தெரிகிறது, ஸ்கேனர் படிக்கவில்லை

இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வகுத்த ஒரே வடிவத்தைத்தான் விமான நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. ஸ்கேனர் அதைப் படித்தால் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
M1PAYANI/TEST         EABC123 YULFRAAC 0834 326J001A0025 100
```

பெயர், முன்பதிவுக் குறியீடு, புறப்படும் ஊர், சேரும் ஊர், நிறுவனம், விமான எண், ஆண்டின் எத்தனையாவது நாள், வகுப்பு, இருக்கை, வரிசை எண் என்று அது போகிறது. `326` என்பது ஆண்டின் 326ஆவது நாள், சாதாரண ஆண்டில் நவம்பர் 22. `001A` இருக்கை. விவரம் முழுவதும் படத்திலேயே இருப்பதால்தான் உங்கள் கைபேசியில் இணையம் இல்லாமலும் பாஸ் செல்லுகிறது. அதே காரணத்தால், பாஸின் படத்தை யாரும் பார்க்கும்படி பதிவிடக்கூடாது. அதில் இருக்கும் பெயரும் குறியீடும் சேர்ந்தால் உங்கள் முன்பதிவுக்குள் மற்றவர் நுழைந்துவிடலாம்.

ஸ்கேனர் மௌனமாக இருந்தால் படத்தில்தான் குறை என்று எடுத்துக்கொண்டு, திரையின் ஒளிர்வை முழுதாக ஏற்றுங்கள். இரவு வடிகட்டியையும் கூடுதல் மங்கல் அமைப்பையும் அணையுங்கள். பார்கோட்டைச் சுற்றி வெள்ளை இடம் தெரியும்படி வையுங்கள். க்யூஆர் வகைக்கு நாலு பக்கமும் வெற்று ஓரம் தேவை. பெரிதாக்கினால் நன்றாகப் படிக்கும் என்று நினைத்து விரலால் விரிப்பவர்கள் ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி மறைக்கும் ஒட்டுத்தாள் இருந்தால் கைபேசியை ஸ்கேனருக்கு நேராக, சாய்க்காமல் பிடியுங்கள். திரையில் விரிசல் பார்கோட்டின் மேலேயே ஓடினால் படத்தைச் சற்று நகர்த்தி விரிசல் இல்லாத பகுதிக்குக் கொண்டுவாருங்கள்.

உறவினர் ஒருவர் அரட்டைச் செயலியில் அனுப்பிய படம் என்றால் காரணம் வேறு. அந்தச் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. நுண்ணிய கட்டங்கள் மங்கிவிடுகின்றன. அதே பாஸைப் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னால் உருக்குலையாமல் வரும்.

ஸ்கேனர் படித்துவிட்டு, பிறகு சிவப்பு விளக்கு எரிந்தால் படம் நன்றாக இருக்கிறது. இருக்கை மாறியிருக்கலாம், வாயில் மாறியிருக்கலாம், அல்லது நேற்றைய பாஸைக் காட்டியிருக்கலாம். அதை வாயில் பணியாளர்தான் தீர்க்க முடியும். சேமித்த பாஸுக்கு ஒரு எல்லை இங்கேதான் இருக்கிறது: வாயில் எண் மாறியதை ஸ்கிரீன்ஷாட் உங்களுக்குச் சொல்லாது. வாயில் எண்ணுக்கு நிலையத்தின் அறிவிப்புப் பலகையை மட்டுமே நம்புங்கள்.

சார்ஜ் ஏறுவதாகக் காட்டுகிறது, சதவீதம் நகரவில்லை

சித்தியின் கைபேசிக்கு நடந்ததைக் கணக்காகப் போட்டால் காரணம் தெளிவாகிவிடும். 5,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றலைப் பிடித்துவைக்கும். இருக்கையோரத்துப் பழைய யுஎஸ்பி துளைகள் பல 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தருகின்றன, அதாவது 2.5 வாட். நாற்பது நிமிடத்தில் அது தருவது 1.7 வாட்-மணிக்கும் குறைவு. கைபேசி அணைந்திருந்தால்கூட 9 சதவீதத்தைத் தாண்டியிருக்காது. சித்தியோ அந்த நேரம் முழுவதும் திரையை முழு ஒளிர்வில் வைத்து, இணையமில்லாத வைஃபையில் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். வந்ததில் பாதிக்கு மேல் அப்போதே செலவாகிவிட்டது.

அதே 40 நிமிடம் சுவரில் உள்ள மின்செருகியில் சொந்தச் சார்ஜரைச் செருகியிருந்தால், சராசரியாக 15 வாட் என்று வைத்துக்கொண்டாலும் 10 வாட்-மணி. பேட்டரியில் பாதி நிரம்பியிருக்கும். ஆகவே சுவர் மின்செருகிக்காக இரண்டு வாயில்கள் தள்ளி நடக்க வேண்டியிருந்தாலும் நடங்கள். சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் `100-240V` என்று இருந்தால் எந்த நாட்டு மின்சாரத்துக்கும் அது ஏற்றது. செருகியின் வடிவத்துக்கு மாற்றி ஒன்று மட்டும் போதும்.

யுஎஸ்பி துளை ஒன்றுதான் கிடைத்தது என்றால் வரவைக் கூட்ட முடியாது, செலவைக் குறைக்கலாம். விமானப் பயன்முறையைப் போட்டுத் திரையை அணைத்துவிடுங்கள். கூட்டமான நிலையத்தில் சிக்னல் பலவீனமாக இருக்கும்போது கைபேசி கோபுரத்தைத் தேடியே பேட்டரியைக் கரைக்கிறது. பாஸ் ஏற்கெனவே உள்ளே சேமிக்கப்பட்டிருந்தால் விமானப் பயன்முறை எதையும் கெடுக்காது.

கேபிளைத் தொட்டால் சார்ஜ் வருகிறது, விட்டால் போகிறது என்றால், முதலில் கைபேசியின் துளையைச் சந்தேகியுங்கள். சட்டைப்பையின் பஞ்சு உள்ளே இறுகிப்போய் முனை முழுதாக நுழைய விடாது. கைபேசியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். சுவர் மின்செருகி தளர்ந்திருந்தால், அல்லது பொறி பறந்தால், கருகிய வாடை வந்தால், அதை விட்டு வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். துளையில் ஈரம் இருப்பதாகத் திரை எச்சரித்தால் கேபிளை எடுத்துவிட்டுத் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து உதறி, உலர விடுங்கள். அந்த எச்சரிக்கையை மீறிச் செருகினால் முனைகள் அரித்துப்போகும்.

80 சதவீதத்தில் நின்றுவிட்டால் அது கோளாறு அல்ல. பேட்டரியைப் பாதுகாக்கும் அமைப்பு அது. நீண்ட பயண நாளில் மட்டும் அமைப்புகளில் போய் எடுத்துவிடலாம்.

கேபிளைச் செருகியதும் கைபேசி ஒரு கேள்வி கேட்கிறது

யுஎஸ்பி கேபிளில் மின்சாரம் போகும் கம்பிகளும் தகவல் போகும் கம்பிகளும் சேர்ந்தே இருக்கின்றன. பொதுத் துளைக்குப் பின்னால் மின்சாரம் மட்டும்தான் இருக்கிறதா, கணினி ஏதும் இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது. 2011இல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் ஒரு சார்ஜ் நிலையத்தை வைத்து இந்த ஆபத்தைச் செய்து காட்டினார்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் விமான நிலையங்களின் இலவசத் துளைகளைத் தவிர்க்கும்படி பொதுமக்களை எச்சரித்தது. 2025இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கைபேசி கேட்கும் சம்மதக் கேள்விக்குத் தீய சார்ஜரே பதில் கொடுத்துவிடும் வழிகளை வெளியிட்டார்கள். இதைத் தடுக்க ஆப்பிள் ஐஓஎஸ் 18.4இல் கடவுக்குறியீடு கேட்கும் மாற்றத்தைச் செய்தது. கைபேசியின் மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருப்பது இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

இதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆய்வகத்துக்கு வெளியே இது பரவலாக நடந்ததாக உறுதியான வழக்குகள் பொதுவெளியில் இல்லை. ஆனால் தவிர்ப்பது மிக எளிது. சுவர் மின்செருகியில் உங்கள் சார்ஜரைச் செருகினால் தகவலுக்கு வழியே கிடையாது. பவர் பேங்கை இடையில் வைத்து, பொதுத் துளையிலிருந்து அதற்கு மட்டும் ஏற்றி, அதிலிருந்து கைபேசிக்கு எடுத்துக்கொள்வதும் நல்ல வழி. தகவல் கம்பி இல்லாத கேபிளும் உதவும்; சார்ஜ் சற்று மெதுவாக ஏறக்கூடும்.

இப்போது திரையில் `Trust This Computer?` என்றோ, கோப்புப் பரிமாற்றத்துக்கு அனுமதி கேட்டோ செய்தி வந்தால், எதையும் தொடாமல் கேபிளை உருவிவிடுங்கள். வெறும் மின்சாரம் தரும் துளையில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. வேறு இடத்தில் செருகிப் பாருங்கள். அங்கே எவரோ விட்டுச்சென்ற கேபிள் தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் பயன்படுத்த வேண்டாம்.

கைபேசி அல்லது பவர் பேங்க் சுடுகிறது

வெயில் படும் கண்ணாடிச் சுவரோரம் சார்ஜ் செய்தால் கைபேசி சூடாகிச் சார்ஜை நிறுத்தி வைக்கும். உறையைக் கழற்றி நிழலுக்கு மாற்றினால் தானாகத் தொடரும். குளிர்பானப் புட்டியின் மேல் வைத்துக் குளிர்விக்காதீர்கள். உள்ளே ஈரம் சேரும். பைக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துச் சார்ஜ் செய்வதையும் விடுங்கள்.

பவர் பேங்க் உப்பியிருந்தாலோ, கீழே விழுந்த பின் சுடத் தொடங்கினாலோ, கேபிளைப் பிடுங்கிவிட்டு விமானத்தில் ஏறும் முன்பே பணியாளரிடம் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். நல்ல பவர் பேங்க் என்றாலும் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில் மட்டுமே. 100 வாட்-மணிவரை பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் எடுத்துச் செல்ல முடியாது. மேலே மில்லியாம்பியர்-மணி மட்டும் எழுதியிருந்தால் அதை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74 வாட்-மணி. அந்த எழுத்து அழிந்துபோயிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிமுதல் ஆகலாம். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் செய்வதைத் தடை செய்தது. வேறு நிறுவனங்களும் அதே வழியில் கட்டுப்படுத்தியிருக்கின்றன. பறக்கும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் நிலையத்திலேயே முடித்துவிடுங்கள்.

3 சதவீதம்தான் இருக்கிறது, அல்லது அணைந்தே விட்டது

3 சதவீதத்தில் சார்ஜர் தேடி ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியது: விமானப் பயன்முறை, மின்சேமிப்பு முறை, பாஸைத் திறந்து ஒளிர்வைக் கூட்டி வேறொரு கைபேசியால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்வது. உடன் யாரும் இல்லையென்றால் முன்பதிவுக் குறியீட்டையும் விமான எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு கைபேசியை அணைத்துவிடுங்கள். தூங்க வைப்பது போதாது.

முழுதும் அணைந்துபோன கைபேசியைச் செருகியவுடன் திரை வராது. பல நிமிடங்கள் கருப்பாகவே கிடக்கும், 2.5 வாட் துளையில் இன்னும் அதிக நேரம் எடுக்கும். பழுதாகிவிட்டது என்று எண்ணி ஒவ்வொரு நிமிடமும் பொத்தானை அழுத்தினால் ஏறிய சிறிதளவும் வீணாகும். கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். சில ஐபோன்கள் அணைந்த பின்னும் ரயில் அட்டையாகச் சிறிது நேரம் வேலை செய்யும். அதைக் கேள்விப்பட்டவர்கள் போர்டிங் பாஸும் அப்படியே என்று நினைத்துவிடுகிறார்கள். ரயில் வாயில் அட்டையின் அலையைப் படிக்கிறது. விமான வாயில் திரையில் தெரியும் பார்கோட்டைப் படிக்கிறது. திரை எரியாமல் பார்கோடு இல்லை. வாயில் மூடுவதற்குக் கால் மணி நேரம்கூட இல்லையென்றால் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடும் அந்தக் காகிதத்தோடும் வாயில் மேசைக்குப் போங்கள்.